மணமாகாத மகளுக்கு மண்ணில் உரிமை எங்கே?

வத்தளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடும் வளவும் வாங்கிக் குடியேறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அந்த வீடுகளுக்குள்ளே, தாய் தந்தையரின் முதுமைக்குத் தோள் கொடுத்துக்கொண்டு, மணமாகாத மகள் ஒருத்தி இருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவளைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தார் ஒரே பதிலையே சொல்வர்: "அவளுக்கென்ன குறை? அண்ணன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்."

அண்ணன் பார்த்துக்கொள்ளாவிட்டால்? அப்பொழுது சட்டம் பார்த்துக்கொள்ளுமா? இந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று எழுப்புகிறோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. இருபத்தைந்து வயது நிறைந்த, உடல் நலமுள்ள, மணமாகாத மகளுக்குத் தந்தையிடமிருந்து ஒரு பிடி சோறு கேட்கும் உரிமையையும் அது தரவில்லை. அவளுடைய திருமணச் செலவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே வேளையில், தந்தையின் சொத்து முழுவதும் அவளைத் தாண்டிப் போவதற்கு வேண்டிய வழிகளையெல்லாம் அகலத் திறந்து வைத்திருக்கிறது.

இது மிகைப்படுத்திய கூற்றென்று கருதுவோர், சட்டத்தின் ஏடுகளை எம்மோடு சேர்ந்து புரட்டிப் பார்க்கட்டும்.

இன்று நடைமுறையிலிருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு இது வந்தது. பழையதைவிட இது நல்லது என்பதை நாம் மறுக்கவில்லை. தந்தையை மட்டுமன்றி, வசதியுள்ள தாயையும் இது பொறுப்பாளி ஆக்குகிறது. பதினெட்டு வயது நிறைந்த பின்பும், தன்னைத் தானே தாபரிக்க இயலாத பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை மாதாந்தப் பணம் கேட்க இடமளிக்கிறது. உடலாலோ மனத்தாலோ இயலாமையுற்ற பிள்ளைக்கு வயதெல்லை இல்லை. விண்ணப்பத்தை நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்கலாம். பெற்றோருக்குப் போதிய வசதி உண்டென்பதையும், அவர்கள் தாபரிக்க மறுத்தார்கள் அல்லது கவனியாது விட்டார்கள் என்பதையும் காட்டினால் நீதவான் கட்டளை பிறப்பிக்கலாம்.

ஆனால் இந்தச் சட்டம் தொடுவது ஆளையேயன்றி ஆதனத்தையன்று. தந்தை உயிரோடிருந்து, கையிலே வசதியும் இருந்தால் அவரைப் பிடிக்கும். அவர் கண்ணை மூடியபின், அவருடைய வீட்டையும் வயலையும் பெற்றுக்கொண்டவர்கள் மீது மணமாகாத மகளைத் தாபரிக்கும் கடமையை அது சுமத்தவில்லை. கடமை தந்தையோடு சுடலைக்குப் போகிறது. சொத்து மட்டும் அண்ணனோடு வீட்டிலே தங்குகிறது. குறை முழுவதும் இந்த ஓரிடத்தில் இருக்கிறது.

இனி, சொத்து எவ்வாறு தாண்டிப் போகிறது என்பதைப் பார்ப்போம். எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், பல குடும்பங்களில் நடப்பதை ஒன்றாக்கி ஓர் உதாரணம் சொல்கிறோம்.

வத்தளையில் பத்துப் பேர்ச் காணியும் வீடும் தந்தையின் பெயரில் இருக்கின்றன. மதிப்பு இரண்டு கோடியே நாற்பது இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் மூவர். மூத்த மகளுக்குத் திருமணத்தின்போது முப்பது இலட்சம் கொடுத்தாயிற்று. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். இளையவளுக்கு வயது முப்பத்தொன்று. ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள், தாய் பாரிசவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்றுவிட்டாள். குடும்பம் தேசவழமைக்கு உட்படாதது. நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டது. தேசவழமை யாழ்ப்பாணத்தை நிலையான இருப்பிடமாகக் கொண்ட தமிழருக்குரிய சட்டம். ஆகவே எந்தச் சட்டம் என்பதே சட்டத்தரணி கேட்கவேண்டிய முதற் கேள்வி. "நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு இந்துச் சட்டம்" என்று வந்து நிற்போரை நாம் கண்டதுண்டு. இந்தியாவின் இந்துச் சட்டம் இங்கே செல்லாது.

தந்தை ஒன்றும் எழுதி வைக்காமல் இறந்தால் இளையவளுக்குப் பெரிய பழுதில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி தாய்க்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் பேதமின்றிச் சமமாக. ஒரு கோடியே இருபது இலட்சத்தில் ஆளுக்கு நாற்பது இலட்சம். இன்னும் ஒரு நுட்பமும் உண்டு. திருமணத்தின்போது பெற்றதைப் பங்கிலே கொண்டுவந்து சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டுமென்று அச்சட்டம் சொல்கிறது. தந்தை அதை விலக்கி விட்டிருந்தாலன்றி இது பொருந்தும். மூத்தவள் பெற்ற முப்பதையும் சேர்த்தால் ஒரு கோடியே ஐம்பது இலட்சம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஐம்பது. மூத்தவள் முப்பதை முன்னமே பெற்றதால் அவளுக்கு இனி இருபது. மற்ற இருவருக்கும் ஐம்பது ஐம்பது. சீதனம் பெறாமல் வீட்டில் நின்றவளுக்குப் பத்து இலட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. நீதியான கணக்கு!

ஆனால் நம் தந்தைமார் எழுதாமல் இறப்பதில்லையே! "பெண் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், வீடு பெயர் சொல்லப் பிள்ளையிடம் இருக்கட்டும்" என்று, தமக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டு, மகனுக்கு நன்கொடை உறுதி முடித்துவிடுகிறார்கள். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்தவுடன் அலுவல் முடிந்தது. அல்லது மரண சாசனம் எழுதுகிறார்கள். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரண சாசனக் கட்டளைச் சட்டம், தன் பிள்ளையையே காரணம் சொல்லாமல் ஒதுக்கிவிடும் முழு அதிகாரத்தைத் தந்தைக்குக் கொடுத்திருக்கிறது. உரோமன் டச்சுச் சட்டத்தில் பிள்ளைக்கென்று இருந்த கட்டாயப் பங்கு அன்றோடு ஒழிந்தது.

பின்பு நடப்பது என்ன? தந்தை போகிறார். தாயும் போகிறாள். சீவிய உரித்து அவர்களோடு முடிகிறது. மகன் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வீட்டை விற்கிறான். வாங்கியவரின் சட்டத்தரணியிடமிருந்து இளையவளுக்கு வெளியேறும்படி கடிதம் வருகிறது. அவள் எங்கே போவாள்? நீதவானிடம் போனால், வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. தாபரிக்கவேண்டிய தந்தையும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், பங்கு கேட்பதற்குத் தந்தையின் பெயரில் ஆதனம் எதுவுமில்லை. அண்ணன் பெற்றதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லலாமென்றால், பங்குக்கு வருபவனைத்தான் அந்த விதி கட்டும். முழுவதையும் முன்னமே பெற்றுவிட்டவன் பங்குக்கு ஏன் வருகிறான்? ஒழுங்காக எழுதப்பட்ட உறுதி, ஒழுங்காகப் பதியப்பட்ட உறுதி! எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கின்றன. பதினைந்து ஆண்டு தாயின் படுக்கையைக் கழுவியவள் மட்டும் சட்டத்துக்கு வெளியே தெருவில் நிற்கிறாள்.

இதுதான் தமிழர் மரபு என்று எவரேனும் சொல்ல வருவாராயின் அவருக்கும் பதில் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் நம் வழமைகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். அந்தத் தேசவழமைத் தொகுப்பு என்ன சொல்கிறது? தந்தை முன்னே இறந்தால் ஆதனம் முழுவதும் பிள்ளைகளை வளர்க்கும் தாயின் கையில் இருக்கவேண்டும். பெண் பிள்ளைகள் மணம் முடிக்கும்போது அவள் சீதனம் கொடுத்தே ஆகவேண்டும். ஆண் பிள்ளைகளோ தாய் உயிரோடிருக்கும் வரை ஒன்றும் கேட்க முடியாது. மகளின் திருமணம் ஆதனத்தின் மேல் முதற் கடமையாக இருந்தது. மகனின் பங்கு அதன் பின்னரே வந்தது.

அந்தப் பழைய வழமையை அப்படியே மீட்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோர் சொத்தில் வேறு பங்கில்லை என்ற குறையும் அதில் இருந்தது. மணமே வேண்டாமென்றிருக்கும் பெண்ணை அது நினைத்துப் பார்க்கவுமில்லை. ஆனால் கடமையை ஆளோடு கட்டாமல் ஆதனத்தோடு கட்டவேண்டுமென்ற அறிவு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோருக்கு இருந்தது. மரபின் பெயரால் மகளை வெறுங்கையோடு அனுப்புவோர் அந்த மரபையே அறியாதவர்கள்.

கடலுக்கு அப்பால் என்ன நிலை? இந்தியா 1956ஆம் ஆண்டில் இயற்றிய இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்த அறிவையே நவீனச் சட்டமாக வடித்திருக்கிறது. பராமரிப்பு என்றால் என்னவென்று விளக்கும் அதன் மூன்றாம் பிரிவு, உணவு, உடை, உறையுள், கல்வி, மருத்துவம் என்பவற்றோடு நிற்கவில்லை. மணமாகாத மகளெனில் அவளுடைய திருமணத்துக்கான நியாயமான செலவும் பராமரிப்பே என்கிறது. இருபதாம் பிரிவு, தன் வருவாயாலோ தன் ஆதனத்தாலோ தன்னைத் தாபரிக்க இயலாத மணமாகாத மகளைத் தாயும் தந்தையும் தாபரிக்கவேண்டும் என்கிறது. வயதெல்லை எதுவும் இல்லை. மணமாகும் வரை என்பதே எல்லை.

அதைவிட முக்கியமானது இருபத்திரண்டாம் பிரிவு. தந்தை இறந்தபின், அவருடைய ஆதனத்தைப் பெற்ற வாரிசுகள் அந்த ஆதனத்திலிருந்து அவரைச் சார்ந்திருந்தோரைத் தாபரிக்கவேண்டும். மணமாகாத மகளும் அவர்களுள் ஒருத்தி. மரண சாசனத்தால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும், ஆதனத்தைப் பெற்றவர்கள் தத்தம் பங்கின் அளவுக்குப் பொறுப்பாளிகள். அந்த ஆதனம் வேறொருவர் கைக்குப் போனால்? இருபத்தெட்டாம் பிரிவு பதில் சொல்கிறது: இலவசமாகப் பெற்றவரையும், அவளுடைய உரிமையை அறிந்துகொண்டே வாங்கியவரையும் அது தொடர்ந்து போகும், அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைத் தொடாது. நம் உதாரணத்து மகள் பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்துக் குடும்பமொன்றில் பிறந்திருந்தால், அண்ணன் கையிலிருக்கும் வீட்டின் மேலேயே வழக்கு வைத்திருக்கலாம்.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், அபிலாஷா என்ற பெண்ணின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிறைந்த, இயலாமை எதுவுமில்லாத மணமாகாத மகள், அன்று நடைமுறையிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் கேட்க முடியாது. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபதாம் பிரிவின் கீழ்க் குடியியல் வழக்கில் கேட்கலாம் என்பதே அத்தீர்ப்பு. அங்கே ஒரு வாசல் மூடியிருந்தாலும் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. இங்கே உள்ளதோ நீதவானின் வாசல் ஒன்றுதான். அதுவும் இருபத்தைந்தில் அடைபடுகிறது.

இது இந்துக்களுக்கு மட்டும் உரியதென்று தள்ளிவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம், கிறிஸ்தவச் சகோதரியர் இருவர் தந்தையிடம் திருமணச் செலவு கேட்ட வழக்கில், மணமாகாத மகளுக்குரிய இந்த உரிமைக்கு மதச் சாயம் பூச முடியாதென்று கூறியது. அவர்கள் கேட்டது ஏறக்குறைய நாற்பத்தாறு இலட்சம் இந்திய ரூபா. குடும்ப நீதிமன்றம் ஏழரை இலட்சம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதைப் பதினைந்து இலட்சமாக உயர்த்தியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நியாயமான செலவு என்றால் என்னவென்று நீதிமன்றம் அளந்தே கொடுக்கும். வத்தளையிலும் நீர்கொழும்பிலும் வாழும் நம் கிறிஸ்தவ உறவினர் இதை மனத்திற்கொள்வாராக.

இந்தியச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. மறைக்க நாம் விரும்பவில்லை. இறந்தவரின் கடன்களே முதலில் தீர்க்கப்படும். நீதிமன்றத் தீர்ப்போ மரண சாசனமோ உடன்படிக்கையோ உரிமையை ஆதனத்தின் மேற் பொறுப்பாக ஆக்கினாலன்றி அது தானாகப் பொறுப்பாகாது. ஆகவே மகள் வழக்கு வைப்பதற்கு முன்னமே, ஒன்றும் அறியாத ஒருவருக்கு வீடு விற்கப்பட்டுவிட்டால், அவள் பணத்தைத் தேடி அண்ணனின் பின்னே அலையவேண்டியதுதான். நாம் சட்டம் செய்யும்போது இந்தப் பாடத்தையும் கற்றுக்கொள்ளவேண்டும்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். "திருமணச் செலவைச் சட்டமாக்கினால் சீதனத்தைச் சட்டமாக்கியதாகாதா?" என்று முற்போக்குப் பேசும் நண்பர்கள் கேட்பார்கள். ஆகாது. சீதனம் மணமகன் வீட்டார் கேட்பது. இதுவோ மகள் தன் பெற்றோரிடம் கேட்பது. முன்னதன் அளவை மாப்பிள்ளையின் உத்தியோகம் தீர்மானிக்கிறது. பின்னதன் அளவைப் பெற்றோரின் வசதியும் நியாயமான தேவையும் தீர்மானிக்கின்றன. 1961ஆம் ஆண்டில் வரதட்சணையைத் தடைசெய்த அதே இந்தியாதான், 1956ஆம் ஆண்டின் திருமணச் செலவு உரிமையை இன்றுவரை வைத்திருக்கிறது. மேலும் நாம் கேட்பது தாலிக்கும் பந்தலுக்கும் மட்டுமன்று. மணமே செய்யாதிருக்க விரும்பும் மகளுக்கும் வாழ்நாள் உறையுளைக் கேட்கிறோம்.

"உழைக்கும் பெண்ணுக்கு எதற்கு?" என்பர் சிலர். உழைத்துத் தன்னைத் தாங்கக்கூடியவளுக்குத் தாபரிப்பு வேண்டாம். இந்தியச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவளை, "உழைக்கத் தெரியாதவள்" என்று சொல்ல எவருக்கு நா எழும்?

"காணி வாங்குவோர் அஞ்சி ஓடுவார்களே" என்று விவசாயப் பெருமக்கள் கவலைப்படலாம். கடன் வாங்கக் காணியை ஈடு வைக்கவேண்டியவர்களின் கவலை அது, நியாயமான கவலை. அதற்காகவே, உரிமை காணிப் பதிவகத்தில் பதியப்பட்டாலன்றி, விலை கொடுத்து வாங்கியவரையும் ஈடு பிடித்தவரையும் அது தாக்கக்கூடாதென்கிறோம். இலவசமாகப் பெற்ற அண்ணனை மட்டும் பதிவின்றியே அது பிடிக்கட்டும். காசு கொடாமல் காணி பெற்றவனுக்குக் கடமையும் சேர்ந்து வருவதில் என்ன அநியாயம்?

ஆகவே பாராளுமன்றத்திலிருக்கும் நம் பிரதிநிதிகளிடம் நாம் கேட்பது மூன்று திருத்தங்கள். முதலாவது, தாபரிப்புச் சட்டத்தின் இருபத்தைந்து வயதெல்லையை, தன்னைத் தாபரிக்க இயலாத மணமாகாத மகளின் விடயத்தில் நீக்குக; நியாயமான திருமணச் செலவையும் தாபரிப்பில் அடக்குக. இரண்டாவது, பெற்றோர் இறந்தபின் அவர்கள் ஆதனத்தை வாரிசாகவோ, மரண சாசனத்தாலோ, நன்கொடையாலோ பெற்றவர்கள், பெற்றதன் அளவுக்கு அவளைத் தாபரிக்கவேண்டுமென்று விதிக்குக. மூன்றாவது, விண்ணப்பம் கொடுத்த அன்றே அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, ஆதனம் கைமாறாமல் காக்க வழி செய்க. சீர்திருத்தம் என்று மேடையில் முழங்குவோர் இந்த மூன்று வாசகங்களில் எதை மறுக்கிறார்களென்று வெளிப்படையாகச் சொல்லட்டும்.

சட்டம் வரும்வரை தந்தைமார் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. மகனுக்கு நன்கொடை உறுதி முடிப்பவர், தமக்கும் மனைவிக்கும் வைக்கும் சீவிய உரித்தை, மணமாகாத மகளுக்கும் அதே உறுதியில் வைக்கலாம். அவள் உயிருள்ளவரை, அல்லது மணமாகும்வரை, அந்த வீட்டில் வாழும் உரிமை என்று ஒரு வாசகம் போதும். வீடு விற்கப்பட்டாலும் வாங்குபவர் அந்த உரித்தோடுதான் வாங்கவேண்டும். பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்பதை அண்ணன் கையொப்பமிட்ட உறுதியில் எழுதி வையுங்கள். உண்மையிலே பார்த்துக்கொள்ளப் போகிறவன் அதில் ஒப்பமிட மறுக்கமாட்டான். அவன் மறுத்தால், உறுதியை யார் பெயரில் எழுதவேண்டுமென்று அப்பொழுதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.